இயாகோ நம்மிடம் கேட்கும் கேள்வி

ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ', இரண்டாம் அங்கம், மூன்றாம் காட்சி. தளபதி ஒதெல்லோவின் படையில் வேலை பறிபோன காசியோவிடம், ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவைப் பிடித்துச் சிபாரிசு கேட்கச் சொல்கிறான் இயாகோ. அவனும் 'நேர்மையான இயாகோ' என்று வாழ்த்திவிட்டுப் போகிறான்.

மேடை காலி. இயாகோ நம் பக்கம் திரும்பி, என்னை வில்லன் என்பவன் யார் என்று கேட்கிறான். பதில் சொல்ல அங்கே நம்மைத் தவிர ஆளில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் யோசனை நிஜமாகவே நல்ல யோசனைதான். தலையாட்டி விடுகிறோம். கேள்வியின் வேலையே அதுதான்.

'நான் எப்படி வில்லன்?' என்று இன்னொரு தடவை கேட்டவன், மூச்சு விடாமல் 'நரகத்தின் வேதமே!' என்கிறான். அதுவரை நேர்மை, நன்மை என்றிருந்த பேச்சில் இப்போது கொள்ளைநோய், தார், வலை. டெஸ்டிமோனா காசியோவுக்காகப் பேசுவது கள்ளக்காதலால்தான் என்று ஒதெல்லோவை நம்பவைத்து, அவளுடைய நற்குணத்தைக் கொண்டே எல்லோரையும் சிக்கவைக்கும் வலையைப் பின்னுவானாம்! (இந்த வரியில் எனக்கு எப்போதும் வயிறு கலங்கும்.)

அப்புறம் மூன்றாம் அங்கத்தில் காசியோ அவளிடம் பேசிவிட்டு நழுவுவதைக் கண்டு, இயாகோ 'எனக்கிது பிடிக்கவில்லை' என்று முணுமுணுக்கிறான். ஒதெல்லோவுக்கு அர்த்தம் புரியவில்லை. நமக்குப் புரிகிறது. வலை விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.