சின்னுவின் வயிற்று நோவு: ஜூலை முதல் செப்டம்பர் வரை

ஜூலை 3, 2024

இன்றைக்கும் வயிற்று நோவு. பள்ளிக்கூடம் திறந்த பிறகு இது எத்தனையாவது தடவை என்று கணக்கு விட்டுப்போய்விட்டது. காலையில் யூனிஃபார்ம் போட்டு, தலை பின்னி முடிக்கும்போது தொப்புளைக் கையால் பொத்திக்கொண்டு திண்ணையில் சுருண்டாள். நெற்றியில் சூடு இல்லை, வாந்தி இல்லை. அரைமணி நேரத்தில் எழுந்து விளையாடுகிறாள். ராத்திரி சோறு தின்றதும் மறுபடியும் நோவு.

மாமி உப்பும் மிளகும் சுற்றிப் போட்டார். "கொதி விழுந்திருக்கும் மக்கா. நேத்து முந்திரிக்கொத்து தின்னும்போ யாரோ பாத்திருப்பாவ." விளக்கெண்ணெய் தொட்டுத் தொப்புளைச் சுற்றித் தடவியும் விட்டார். பிள்ளை தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜூலை 5

குவைத்திலிருந்து அவர் கூப்பிட்டார். "பள்ளிக்கூடம் போக மடிச்சுப் பொய் சொல்லுதாளோ?" என்று கேட்டார். பொய் சொல்கிற பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பிடித்த சாளை மீன் குழம்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போக முடியாது. நான் அதைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னார். பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அல்பெண்டசோல் மாத்திரையைச் சின்னு சாப்பிட்டிருக்கிறாள். ஆகவே திரும்பக் கொடுக்கவில்லை. சில நாளாக ஒரு பழைய நோட்டில் எழுதி வருகிறேன்: எந்த நேரம் நோவு, அதற்கு முன்னால் என்ன தின்றாள், எவ்வளவு நேரம் இருந்தது, வெளிக்குப் போனாளா.

கடைசிக் கேள்விக்கு எல்லா நாளும் "போனாள்" என்றுதான் எழுதியிருக்கிறேன். அதனால் மலச்சிக்கல் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

ஜூலை 9

தக்கலையில் குழந்தைகள் டாக்டரைப் பார்த்தோம். நோட்டை நீட்டினேன். முழுசாகப் படித்துவிட்டு, "தினமும் போறா, சரி. எவ்வளவு போறா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஏழு வயசுப் பிள்ளை, அவளே போய் அவளே கழுவுகிறாள். ஒரு படத்தைக் காட்டினார், மலத்தின் வடிவம் ஏழு வகையாக வரைந்தது. சின்னு தயங்காமல் முதல் படத்தில் விரலை வைத்தாள். ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கிறது அந்தப் படம்.

அடுத்து, "ஜட்டியில கறை படுதா?" என்றார்.

படுகிறது. ஒரு மாசமாகப் படுகிறது. சரியாகக் கழுவாமல் வருகிறாள் என்று நினைத்து இரண்டு தடவை வைதிருக்கிறேன். ஒரு நாள் மாமி முன்னால் வைதேன், அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இடது பக்க அடிவயிற்றில் வைத்தார். களிமண் உருட்டி வைத்ததுபோல ஒரு கட்டி. பயந்துபோனேன். "மலம்தான் அம்மா" என்றார்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தபடி: ஒருமுறை இறுகிப்போய் வலியோடு வெளியேறினால், அடுத்த தடவை முட்டும்போது பிள்ளை அடக்கிக்கொள்ளும். அடக்கின மலத்திலிருந்து குடல் தண்ணியை உறிஞ்சும், அது இன்னும் இறுகும், இன்னும் வலிக்கும். நாளாக நாளாக ஆசனவாய்க்கு மேலே உள்ள மலக்குடல் விரிந்துபோகும். விரிந்த குடலுக்கு நிறைந்திருப்பது தெரியாது, முட்டுகிற உணர்ச்சியே மங்கிவிடும். உள்ளே பெரிய கட்டி அடைத்திருக்க, மேலிருந்து இளகின மலம் அதன் ஓரமாகக் கசிந்து ஜட்டியில் படும். பிள்ளைக்கு அது தெரியாது, அடக்கவும் முடியாது. தினமும் போவது அந்த அடைப்பின் நுனி மட்டும்தான்.

சாப்பிட்டதும் ஏன் நோவு? வயிறு நிறைந்தால் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும், கீழே வழி அடைத்துக் கிடந்தால் பிசையும். என் நோட்டில் காலை இட்லிக்குப் பின்னும் ராத்திரி சோற்றுக்குப் பின்னும் விழுந்திருந்த கோடுகளுக்கு அதுதான் கணக்கு.

ஆசனவாயில் சின்ன வெடிப்பும் இருந்தது. எடை, உயரம் சரியாக ஏறியிருக்கிறது. மலம் அடைத்திருக்கும் பிள்ளைகளுக்கு மூத்திரத் தொற்றும் வருவதுண்டு என்று மூத்திரம் மட்டும் சோதித்தார், சுத்தமாக இருந்தது. ஸ்கேன் வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டேன். கையில் தட்டுப்படுவதற்கு ஸ்கேன் எதற்கு என்றார்.

ஜூலை 14

முதலில் அடைப்பை எடுக்க வேண்டும், கீரையும் பழமும் அதற்கு அப்புறம்தான் என்று டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார். அடைத்துக் கிடக்கும்போது நார்ச்சத்தை அள்ளிக் கொடுத்தால் வயிறு இன்னும் உப்பித்தான் போகும். பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர், தண்ணியில் கலந்தால் கரைந்துவிடும். குடலிலேயே தண்ணியைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது. அளவு பிள்ளையின் எடைக்குத் தகுந்தபடி. சின்னு 20 கிலோ, அடைப்பு எடுக்கும் நாட்களில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே என்று அவளுக்கு எழுதித் தந்தார். இதை வாசிப்பவர்கள் என் நோட்டைப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டாம், உங்கள் டாக்டர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

வியாழன் ராத்திரி ஆரம்பித்தோம், வெள்ளி லீவு. வெள்ளிக்கிழமை கறை அதிகமானது, ஐந்து ஜட்டி துவைத்தேன். மருந்து கேடு செய்கிறது என்று மாமி நிறுத்தச் சொன்னார். இப்படி ஆகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நிறுத்தவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கக்கூசிலிருந்து "அம்மா!" என்று ஒரு கூப்பாடு. என் மணிக்கட்டுப் பருமனுக்கு இருந்தது. இரண்டு வாளி தண்ணி ஊற்றியும் போகவில்லை. அதற்குப் பிறகு ஞாயிறு வரைக்கும் இளகலாகப் போய்க்கொண்டே இருந்தாள்.

இன்று ராத்திரி மரச்சீனியும் மீன்கறியும் இரண்டாவது தடவை வாங்கித் தின்றாள். சாப்பிட்ட பிறகு நோவு இல்லை.

ஜூலை 17

அடக்குவது எப்போது தொடங்கியது என்று தலையை வாரிவிடும்போது மெதுவாகக் கேட்டேன். பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் கதவுக்குக் கொண்டி இல்லையாம். ஒரு பிள்ளை வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடிக்கிற பிள்ளை சிரிக்குமாம். காலையில் வீட்டில் போகலாமென்றால் ஏழரைக்கு வேன்.

இன்னொன்று, நான் தப்பாகப் புரிந்துகொண்டது. பல நாள் அவள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். குதிகாலைத் தூக்கி, தொடையை ஒன்றோடொன்று ஒட்டி, முகம் சிவந்து நிற்பாள். முக்குகிறாள், பாவம் வரவில்லை என்று நினைத்தேன். வந்ததை உள்ளே தள்ளுகிற நிற்பு அது. முக்குகிற பிள்ளை குந்தும், இவள் விறைத்து நிற்கிறாள்.

டீச்சரிடம் பேசினேன். கொண்டி போட்டுத் தருவதாகச் சொன்னார், கேட்காமலே எழுந்து போகவும் அனுமதி தந்தார்.

ஜூலை 22

இப்போது வீட்டுப் பாடு. ஆறு மணிக்கே எழுப்பிவிடுகிறேன். காலைச் சாப்பாடு முடிந்து பதினைந்து நிமிடத்தில் கக்கூஸ், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதேபோல. ஐந்திலிருந்து பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், வந்தாலும் வராவிட்டாலும். எங்கள் வீட்டில் ஐரோப்பியக் கக்கூஸ், அவள் கால் தரையில் எட்டாமல் தொங்கும். கால் தொங்கினால் ஆசனவாயைச் சுற்றியுள்ள தசை தளராது. அடுக்களையில் தேங்காய் துருவ உட்காருகிற குரண்டியை எடுத்து அவள் காலுக்கடியில் போட்டேன். முழங்கால் இடுப்புக்கு மேலே வந்தது. குந்தி உட்கார்ந்த மாதிரிதான்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் பால்தான். மெலிந்த பிள்ளை என்று நாளைக்கு நான்கு டம்ளர் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாலில் வயிறு நிறைந்தால் சோறும் கறியும் எங்கே இறங்கும்? இப்போது இரண்டு டம்ளர். அவியலும் சிறுபயறு தோரனும் தட்டில் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு வாட்டர் பாட்டில் நிறைத்துவிட்டால் சாயங்காலம் காலியாக வர வேண்டும் என்று பேச்சு.

ஆகஸ்ட் 6

தப்பு என்னுடையது. குளச்சலில் சொந்தக்காரர் கல்யாணம், நான்கு நாள் அங்கேயே தங்கினோம். பிள்ளைக்குத்தான் சரியாகிவிட்டதே என்று பவுடரை எடுத்துப் போகவில்லை. ஐந்தாம் நாள் மறுபடியும் தொப்புளைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் திட்டவில்லை. விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதக்கணக்காகும், அதுவரை மலம் ஒருநாளும் இறுகக் கூடாது என்றார். அடைப்பு எடுத்த பின் குறைந்த அளவில் இரண்டு மாதமாவது கொடுக்க வேண்டும். தொந்தரவே இல்லாமல் ஒரு மாதமாவது ஓடியிருந்தால்தான் மெல்ல மெல்லக் குறைப்பது. "இது பழகிப்போய் அப்புறம் மருந்து இல்லாம போகவே வராதுன்னு ஆயிடாதா?" என்று மாமி என் வழியாகக் கேட்டனுப்பியிருந்தார். இந்தப் பவுடர் குடலைச் சோம்பலாக்காது, சீக்கிரம் நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது என்றார் டாக்டர்.

ஆகஸ்ட் 19

பக்கத்து வீட்டு அக்காவின் பையனுக்கு நேற்று காலை தொப்புளில் நோவு. நம் சின்னுவுக்கு வந்ததுதான் என்று அக்கா ஓமத்தண்ணி கொடுத்திருக்கிறார். மத்தியானம் நான் போய்ப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. நோவு வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது, விட்டுவிட்டு வராமல் நிலையாக நின்றது. இரண்டு தடவை வாந்தி, பிடித்த தோசையைத் தொடவில்லை. நடக்கச் சொன்னால் வலது பக்கம் சாய்ந்து நடந்தான், ஒரு குதி குதிக்கச் சொன்னதற்கு அழுதான். காய்ச்சல் இன்னும் வரவில்லை. உடனே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடல்வால் அழற்சி, ராத்திரியே ஆபரேஷன் ஆயிற்று, நன்றாக இருக்கிறான்.

சின்னுவுக்கு நோவு வந்தால் நான் காத்திருக்கக் கூடாத நேரங்கள் எவை என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டு நோட்டின் பின்னட்டையில் எழுதியிருந்தேன். அதைப் பார்த்துத்தான் நேற்று எனக்குத் தைரியம் வந்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டியதை இங்கேயும் எழுதுகிறேன். தொப்புளைவிட்டுத் தள்ளி ஒரே இடத்தில் நிற்கிற நோவு, தூக்கத்திலிருந்து எழுப்புகிற நோவு, பச்சை நிற வாந்தி, மலத்தில் கலந்த ரத்தம், எடை குறைவது, மூத்திரம் போகும்போது எரிச்சல். ஆண் பிள்ளையானால் விதைப்பையில் வலியோ வீக்கமோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், வெட்கப்பட்டு வயிறு என்றே சொல்வார்கள்.

செப்டம்பர் 8

நோட்டைப் புரட்டினேன். ஜூலை முதல் வாரம் ஐந்து நாள் நோவு. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒருநாள்கூட இல்லை. பவுடர் இன்னும் கொடுக்கிறோம். பள்ளிக்கூடக் கதவுக்குக் கொண்டி வந்துவிட்டது, ஆனால் அவள் அங்கே இதுவரை மூத்திரம் போக மட்டும்தான் போயிருக்கிறாள்.

இன்று காலை குரண்டியை அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல்: "அம்மா, இன்னைக்கு நாலாவது படம்!"

மாமி கூடத்திலிருந்து என்ன நாலாவது படம் என்று கேட்டார். வாழைப்பழம் மாதிரி, வழுவழுவென்று இருக்கிற படம் என்று சொன்னேன்.