அம்மாவின் கொழுப்பு மூன்றே மாதத்தில் பாதியான கதை

சிங்கப்பூரில் தம்பி வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு அம்மா திருச்சிக்குத் திரும்பியபோது, கைப்பையில் அங்கே எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையும் வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.8 என்று இருந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 5.6, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 3.4, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 1.2, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு 2.1. எண்களுக்குப் பக்கத்தில் `mmol/L`, அதாவது ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று அச்சாகியிருந்தது. நம் ஊர் ஆய்வகங்கள் கொடுப்பது டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. எங்கள் டாக்டரும் அதில்தான் பேசுவார்.

சர்க்கரையை 18ஆல் பெருக்க வேண்டும் என்று அப்பா யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். 7.8 × 18 = 140. அது சரிதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கால்குலேட்டர் கையில் இருக்கிறதே என்று மற்ற வரிகளையும் 18ஆல் பெருக்கிவிட்டார். மொத்தக் கொலஸ்ட்ரால் 101, எல்.டி.எல். 61.

"பார்த்தாயா, நடந்து நடந்தே உன் அம்மா கொழுப்பைக் கரைத்துவிட்டாள். மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்றார்.

எனக்கு உறுத்தியது. ஊருக்குக் கிளம்பும் முன் இங்கே எடுத்த அறிக்கையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 208. மாத்திரை அதேதான், தம்பி வீட்டுச் சாப்பாடும் ஒன்றும் பத்தியச் சாப்பாடு இல்லை. போதாததற்கு அப்பாவின் தாளில் எச்.டி.எல். 22, டிரைகிளிசரைடு 38 என்று இருந்தன. அம்மாவுக்கு எச்.டி.எல். 45க்குக் கீழே போனதே இல்லை. எல்லா எண்ணும் ஒரேயடியாகச் சுருங்கியிருந்தால், தவறு உடம்பில் இல்லை, கணக்கில்தான்.

பள்ளிக்கூட வேதியியலைத் தூசி தட்டினேன். மில்லிமோல் என்பது எடை இல்லை, மூலக்கூறுகளின் எண்ணிக்கை. ஒரு கூடையில் நூறு நெல்லிக்காய், இன்னொரு கூடையில் நூறு தேங்காய் என்றால், எண்ணிக்கை ஒன்று, எடை வேறு. குளுக்கோஸின் மூலக்கூறு எடை சுமார் 180. ஆகவே லிட்டருக்கு ஒரு மில்லிமோல் என்றால் 180 மில்லிகிராம். லிட்டரில் பத்தில் ஒரு பங்கான டெசிலிட்டருக்கு 18. கொலஸ்ட்ரால் கனமான மூலக்கூறு, எடை சுமார் 386.7; அதனால் அதற்கு 38.67. எல்.டி.எல்., எச்.டி.எல். இரண்டிலும் அளக்கப்படுவது அவற்றுக்குள் இருக்கும் கொலஸ்ட்ரால்தான் என்பதால் அவற்றுக்கும் அதே எண். டிரைகிளிசரைடு தனி இனம். அதில் ஒட்டியிருக்கும் கொழுப்பு அமிலங்கள் பலவகை. ஆகவே ஒரு சராசரி எடையை வைத்து 88.57ஆல் பெருக்குகிறார்கள்.

புதிதாகப் போட்ட கணக்கு இது:

```
5.6 × 38.67 = 217
3.4 × 38.67 = 131
1.2 × 38.67 = 46
2.1 × 88.57 = 186
```

முதல் வரிக்குக் கால்குலேட்டர் 216.55 என்றுதான் காட்டியது. ஆனால் 5.6 என்பதே ஒரு தசமத்துக்குச் சுருக்கிய எண். உண்மை 215 ஆகவும் இருக்கலாம், 218 ஆகவும் இருக்கலாம். புள்ளிக்குப் பின்னால் எழுதுவது வீண் பெருமை.

இந்த முறை சரிபார்க்காமல் விடவில்லை. எல்.டி.எல்.லை நேரடியாக அளக்காமல் கணக்கிட்டுப் போடும் ஆய்வகங்கள் பல. பழைய சூத்திரம் எளிது: மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். 217 − 46 − 37 = 134. அறிக்கையிலிருந்து மாற்றியது 131. சுருக்கிய எண்களுக்கு இந்த இடைவெளி இயல்பு. டிரைகிளிசரைடையும் தவறுதலாக 38.67ஆல் பெருக்கியிருந்தால் 81 வந்திருக்கும், எல்.டி.எல். கணக்கு 155க்கு ஓடியிருக்கும். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் மட்டும் இந்தச் சூத்திரத்தை நம்பக்கூடாது. நேரடியாக அளந்த எல்.டி.எல். என்றாலும் கொஞ்சம் விலகி நிற்கும்.

அதே தாளில் எச்.பி.ஏ1சி 7.2 சதவீதம் என்றும் ஒரு வரி. அப்பா அதையும் 18ஆல் பெருக்கி 130 என்று எழுதியிருந்தார். அது சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைச் சொல்லும் சதவீதம்; இங்கேயும் 7.2 சதவீதம்தான். பேனாவால் அடித்தேன்.

டாக்டர் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 131ஐச் சுட்டிக்காட்டி, மாத்திரையை நிறுத்துவதற்குப் பதிலாக அளவைக் கூட்டினார். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி வாங்கிக் கொடுத்த சர்க்கரை மீட்டரும் மில்லிமோலில்தான் காட்டுகிறது. அதை மாற்றும் வசதி அதில் இல்லை. அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். இரண்டு மடங்காக்கிப் பத்தால் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழிக்கிறார். நேற்றுக் காலை 6.9. "நூற்று முப்பத்தெட்டு, அதில் பதினாலு போனால் நூற்று இருபத்து நாலு" என்று சமையலறையிலிருந்தே சொன்னார்.