கொண்டை ஊசி வளைவை வெட்டுவது: வரைபட வேலைக் குறிப்புகள்

ஜூன் 3, சேலம்

ஏற்காடு மலைப்பாதை வரைபடத்தில் இன்று முதல் வளைவு. அடிவாரத்திலிருந்து மேலே போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றும் நான்கு கட்டுப்புள்ளிகள் கொண்ட ஒரே ஒரு முப்படி பெசியே வளைகோடு. வளைவுக்குள் நுழைகிற பகுதி ஒரு நிறத்திலும் மீதி இன்னொரு நிறத்திலும் வர வேண்டும். அதனால் வளைகோட்டை இரண்டாக வெட்ட வேண்டும். வடிவம் ஒரு மயிரிழைகூட மாறக் கூடாது.

கணக்குக்காக ஒரு வளைவை எளிய எண்களில் எடுத்துக்கொண்டேன். P0 = (0,0), P1 = (128,0), P2 = (128,64), P3 = (0,64). இடமிருந்து வலப்பக்கம் போய், திரும்பி, மீண்டும் இடப்பக்கமே வந்து சேரும் பாதை. வளைகோட்டின் தொடக்கத்தில் t = 0, முடிவில் t = 1. வெட்ட வேண்டிய இடம் t = 0.25.

செய்வது ஒரே ஒரு வேலைதான்: இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கால்வாசி தூரம் நடப்பது. முதல் சுற்றில் P0-விலிருந்து P1 நோக்கிக் கால்வாசி நடந்தால் Q0 = (32,0). P1-லிருந்து P2 நோக்கி நடந்தால் Q1 = (128,16). P2-லிருந்து P3 நோக்கி நடந்தால் Q2 = (96,64). இரண்டாம் சுற்றில் Q0, Q1 நடுவே R0 = (56,4). Q1, Q2 நடுவே R1 = (120,28). கடைசிச் சுற்றில் R0, R1 நடுவே S = (72,10). வெட்டு விழும் இடம் இந்த S.

வெட்டிய துண்டுகளுக்கான கட்டுப்புள்ளிகளைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. நடந்து வந்த வழியிலேயே கிடக்கின்றன. முதல் துண்டு P0, Q0, R0, S. இரண்டாம் துண்டு S, R1, Q2, P3. காகிதத்தில் முக்கோணமாக எழுதினால் முதல் துண்டு ஒரு ஓரம், இரண்டாம் துண்டு மறு ஓரம். நடுவில் நிற்கும் Q1 எந்தத் துண்டிலும் சேராது. கையால் கணக்குப் போடுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். Q1-ஐ எங்காவது நுழைத்துவிட்டால் வளைவு வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும்.

இந்த முறையை 1959-ல் சிட்ரோயன் கார் நிறுவனத்தில் கண்டுபிடித்தவர் பால் டி காஸ்டெல்ஜோ. நிறுவனம் அதை வெளியே விடவில்லை. வளைகோட்டுக்குப் பெயர் கிடைத்ததோ ரெனோவில் இருந்த பெசியேவுக்கு.

ஜூன் 4

நேற்றைய எண்களை SVG-யில் எழுதிப் பார்த்தது:

```
M 0 0 C 128 0 128 64 0 64

M 0 0 C 32 0 56 4 72 10
M 72 10 C 120 28 96 64 0 64
```

மேலே இருப்பது முழு வளைவு, கீழே இரண்டும் துண்டுகள். முழு வளைவைத் தடித்த சாம்பல் கோடாகப் போட்டு, துண்டுகளை மெல்லிய சிவப்புக் கோடாக அதன் மேல் வைத்தால் சிவப்பு நட்ட நடுவே ஓட வேண்டும். ஓடியது.

வெட்டிய இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். முதல் துண்டு R0-விலிருந்து S-க்கு வந்து முடிகிறது, அதன் ஹேண்டில் (16,6). இரண்டாம் துண்டு S-லிருந்து R1 நோக்கிக் கிளம்புகிறது, அதன் ஹேண்டில் (48,18). திசை ஒன்றேதான், நீளம் மட்டும் மூன்று மடங்கு. விகிதம் t-க்கு 1−t, அதாவது 1-க்கு 3. 0.5-ல் வெட்டினால் மட்டுமே இரண்டு ஹேண்டிலும் சமமாக வரும்.

பார்க்க அழகாக இல்லையே என்று இதைச் "சரி" செய்யப் போனால்தான் கெடும். இங்க்ஸ்கேப்பில் அந்த நோடைத் தேர்ந்து Shift+Y அழுத்தினால் இரண்டு ஹேண்டிலையும் சம நீளமாக்கிவிடும், வளைவும் அந்த நொடியே நகர்ந்துவிடும். வழவழப்பான நோடாக வைக்க வேண்டுமென்றால் Shift+S. அது திசையை மட்டும்தான் ஒரே கோட்டில் பிடித்து வைக்கும்.

இதே குழி கோப்பிலும் இருக்கிறது. இரண்டு துண்டையும் ஒரே பாதையாகத் தொடர்ந்து எழுதும்போது, இடம் மிச்சம் பிடிக்க `S` கட்டளையைப் போட ஆசை வரும். `S` முந்தைய ஹேண்டிலை அப்படியே எதிர்ப்பக்கம் பிரதிபலித்துக்கொள்ளும். நம் கணக்கில் அது (88,16)-ஐ எடுத்துக்கொள்ளும், வேண்டியதோ (120,28). ஆகவே முழு `C`-தான் எழுத வேண்டும். சிறிய `c` எழுதுகிறவர்களுக்கு இரண்டாம் துண்டு `c 48 18 24 54 -72 54`. மூன்று புள்ளிகளையும் துண்டின் தொடக்கத்திலிருந்தே அளக்க வேண்டும், முந்தைய புள்ளியிலிருந்து அல்ல.

ஜூன் 6

20 வளைவையும் கையால் போட முடியாது. சின்ன நிரல்:

```python
def lerp(a, b, t):
    return ((1-t)*a[0] + t*b[0], (1-t)*a[1] + t*b[1])

def split(p, t):
    a = list(p)
    left = [a[0]]
    for n in (3, 2, 1):
        for i in range(n):
            a[i] = lerp(a[i], a[i+1], t)
        left.append(a[0])
    return left, a
```

ஒரே பட்டியலின் மேலேயே எழுதிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் முதல் இடத்தில் இருப்பதை எடுத்து வைத்தால் அது முதல் துண்டு. எல்லாம் முடிந்தபின் பட்டியலில் மிஞ்சியிருப்பது S, R1, Q2, P3. இரண்டாம் துண்டு வரிசை பிசகாமல் தானாகவே அமைந்துவிடுகிறது. திருப்பிப் போடத் தேவையில்லை.

உள் சுழல் முன்னிருந்து பின்னாகத்தான் ஓட வேண்டும். பின்னிருந்து ஓடினால் `a[i+1]` ஏற்கெனவே மாறிப்போயிருக்கும். நம் எண்களில் முதல் சுற்றின் முடிவில் (32,0) வர வேண்டிய இடத்தில் (30,4) வரும். வளைவு P0-விலிருந்து P1-ஐ நோக்கி நேராகக் கிளம்ப வேண்டும். y-யில் 4 முளைத்திருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சோதிக்கும்போது 0.5 போட்டுப் பார்ப்பது பலருக்கும் கைப்பழக்கம். அது போதாது. `lerp`-க்குள் t-யும் 1−t-யும் இடம் மாறியிருந்தால் 0.5-ல் விடை சரியாகவே வரும். 0.25-ல் போட்டால் (72,10)-க்குப் பதில் (72,54) வந்து மாட்டிக்கொள்ளும்.

ஜூன் 9, ஏற்காடு

ஒரு வளைவுக்கு மூன்று நிறம் கேட்கிறார்கள்: நுழைவு, திருப்பம், வெளியேற்றம். அப்படியென்றால் 0.25-லும் 0.75-லும் இரண்டு வெட்டு.

முதல் வெட்டு போட்ட பிறகு இரண்டாம் துண்டை 0.75-ல் வெட்டினால் தவறு. அந்தத் துண்டு இப்போது தனி வளைவு, அதற்குச் சொந்தமாக 0 முதல் 1 வரை அளவு உண்டு. பழைய 0.75 அதில் (0.75 − 0.25) / (1 − 0.25), அதாவது 2/3. அப்படி வெட்டினால் நடுத்துண்டு (72,10), (104,22), (104,42), (72,54). மேலும் கீழும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிடித்ததுபோல் இருக்கிறது. முழு வளைவே அப்படித்தான் என்பதால் இது சரி.

மறந்துபோய் 0.75 போட்டால் வெட்டு மூல வளைவின் 0.8125-ல், ஏறக்குறைய (58.5, 58.1)-ல் விழும். இதில் ஆபத்து என்னவென்றால், படத்தில் ஒன்றும் உடைந்து தெரியாது. கோடு அதே கோடுதான், நிறம் மாறும் இடம் மட்டும் தள்ளிப்போயிருக்கும். அச்சில் போன பிறகுதான் யாராவது கேட்பார்கள்.

பின்னாலிருந்து வெட்டினாலும் இதே கதை: முதலில் 0.75, பிறகு கிடைத்த முதல் துண்டை 0.25 / 0.75 = 1/3-ல். எந்த வழி என்றாலும் ஒன்றையே எப்போதும் பின்பற்றினால் குழப்பம் குறையும். நான் முன்னாலிருந்துதான்.

ஜூன் 10

வண்ணம் பிரிக்கும் தம்பி போனில் கேட்டது நியாயமான கேள்வி: "அண்ணே, கால்வாசின்னு சொன்னீங்க, சிவப்பு மூணுல ஒரு பங்கு இருக்கே?"

இருக்கத்தான் செய்யும். t என்பது தூரம் அல்ல. மலையேறும் பேருந்து வளைவில் வேகம் குறைக்குமே, அதைப்போல t சீராக ஓடும்போது புள்ளி சீராக ஓடுவதில்லை. இந்த வளைவில் தொடக்கத்தில் புள்ளியின் வேகம் 384, திருப்பத்தின் நடுவில் 96. நான்கில் ஒன்று. முழு நீளம் சுமார் 215, t = 0.25 வரை சுமார் 73. அது 34 சதவீதம்.

நீளத்தில் கால்வாசி வேண்டுமென்றால் 53.8 வரும் t-ஐத் தேட வேண்டும். இதற்கு நேரடிச் சூத்திரம் கிடையாது, தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடவும் அதே `split` போதும். ஒரு t-யில் வெட்டி, முதல் துண்டின் நீளத்தைப் பார்த்து, கூடினால் t-ஐக் குறைத்து, குறைந்தால் கூட்டி, இடைவெளியைப் பாதி பாதியாகச் சுருக்கிக்கொண்டு போவது. இங்கே விடை t ≈ 0.167.

துண்டின் நீளத்தை அளக்க ஒரு கைக்கணக்கு உண்டு. இரு முனைகளுக்கு நேர்க்கோட்டுத் தூரம் ஒன்று, கட்டுப்புள்ளிகள் வழியாக நடந்த தூரம் ஒன்று. இரண்டின் சராசரி. 0.25 வரையான துண்டுக்கு 72.7-ம் 73.4-ம், சராசரி 73.05. கச்சிதம். ஆனால் முழு வளைவுக்கு அதே கணக்குப் போட்டால் 64-ம் 320-ம், சராசரி 192. உண்மையோ 215. இரண்டு எண்களுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் சராசரியை நம்பக் கூடாது. துண்டைப் பாதியில் வெட்டி, தனித்தனியே அளந்து கூட்ட வேண்டும். இடைவெளி 1-க்குள் வரும்வரை வெட்டிக்கொண்டு போனால் இந்த வரைபடத்துக்குப் போதும்.

தம்பிக்குத் திருத்திய கோப்பு போயாயிற்று. "கால்வாசி" என்று சொல்லும்போது t-யிலா நீளத்திலா என்பதையும் கூடவே எழுத வேண்டும், இனி அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி.

ஜூன் 12, சேலம்

சோதனை அச்சில் இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு வளைவில் வெள்ளைக் கீற்று. மற்றவற்றில் இல்லை. பார்த்தால் அந்த வளைவின் இரண்டாம் துண்டை, வரிசையைத் திருப்பி 1−t போட்டுத் தனியாகக் கணக்கிட்டிருக்கிறது. கணக்குப்படி அதுவும் சரிதான். ஆனால் இரண்டு S-ம் கடைசி இலக்கங்களில் வேறுபட்டு, தசமத்தில் ஒரு இடத்துக்கு முழுமையாக்கும்போது ஒன்று மேலே போக, இன்னொன்று கீழே போய்விட்டது. S-ஐ ஒரு முறைதான் கணக்கிட வேண்டும், ஒரு முறைதான் முழுமையாக்க வேண்டும், அந்த எண்ணையே இரண்டு துண்டிலும் எழுத வேண்டும். கோட்டின் முனையைத் தட்டையாக விடாமல் `stroke-linecap="round"` போட்டால் கீற்று மறையும்தான், ஆனால் ஒரு நிறம் மற்றதன் மேல் ஏறிக்கொள்ளும். இந்த வரைபடத்துக்கு அது வேண்டாம்.