கொழுந்து நிறுத்த கையால் சோறு நிறுத்த கதை

அம்மாவின் கட்டிலில் தொங்கிய சார்ட்டில், வைத்த சாப்பாட்டில் எத்தனை வீதம் சாப்பிட்டார் என்பதற்கு, காலை 50, மதியம் 75, இரவு 100 என்று எழுதியிருந்தது. டொக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பாடு பரவாயில்லையே" என்றார். ஒன்பது நாளில் 39.5 கிலோவிலிருந்து 38க்கு இறங்கியிருந்த மனுஷியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

அட்மிஷன், எக்ஸ்ரே, சளிக்கு ஊசி எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. பிரச்சினை அந்த வீதக் கணக்கில்தான் இருந்தது. 76 வயது, வாயில் நாலு பல், சிங்களம் தோட்டத்துச் சிங்களம் மட்டும். சாப்பாட்டு நேரம் முடிந்து வெகுநேரம் கழித்து மிஸ் வந்து "கேம கேவத?" என்று கேட்பார். அம்மா உடனே "ஓவ் மிஸ்" என்பார். சாப்பிட்டீங்களா என்றால் வேறு என்ன சொல்வார்? ஒரு வாய் தின்றாலும் ஓவ்தான். அது சார்ட்டில் 100 ஆகிவிடும். மிஸ்ஸைக் குறை சொல்லவும் மனமில்லை. வார்ட் நிறைய நோயாளிகள், இரண்டே இரண்டு பேர் ஓடுகிறார்கள். தட்டை யாரோ எடுத்துப்போய்க் கழுவிய பிறகு எழுதும் எண் அப்படித்தான் இருக்கும்.

என் புலம்பலைக் கேட்ட டொக்டர், "அப்படியென்றால் மூன்று நாள் நீங்களே பார்த்து எழுதுங்கள், அதில் ஒரு நாள் ஆட்கள் பார்க்க வரும் நாளாக இருக்கட்டும்" என்றார். கேக் செய்து விற்கும் பக்கத்து லயத்துப் பிள்ளையிடம் எலெக்ட்ரொனிக் தராசை இரவல் வாங்கினேன். முதல் நாள் காலை அதில் பெட்டரி இல்லை. கடைக்குப் போய் வருவதற்குள் காலைச் சாப்பாடு முடிந்துவிட்டது. நீங்கள் செய்வதாக இருந்தால் பெட்டரியை முந்தின இரவே பாருங்கள்.

மதியத்திலிருந்து எடுத்தேன். எங்கள் வார்டில் தட்டும் கோப்பையும் நோயாளி கொண்டுவருவதுதான். அதனால் முதலில் வெறும் தட்டை, ஈரம் துடைத்து, நிறுத்து எழுதினேன். அடுத்த வேலை கஷ்டம். நம் ஆட்கள் சோற்றையும் பருப்பையும் பிசைந்துவிட்டால் மிச்சத்தில் எது எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. ஆகவே பிசைவதற்கு முன்னால் சோறு வைத்ததும் ஒரு தடவை, ஒவ்வொரு கறி விழுந்ததும் ஒரு தடவை தராசைப் பார்க்க வேண்டும். வண்டி தள்ளி வருபவர் நிற்கவே மாட்டார். நான் கறிகளைச் சின்னக் கிண்ணங்களில் வாங்கி, பிறகு நிறுத்துத் தட்டில் கொட்டினேன். அதற்குள் சோறு ஆறிப்போனது. மலைக்குளிரில் ஐந்து நிமிஷம் போதும். "என்னா புள்ள, கொழுந்து நிறுக்கிற மாதிரி சோத்த நிறுக்குற? எவ்வளவு கழிச்ச?" என்றார் அம்மா. முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்து, கூடைக்கும் ஈரத்துக்கும் கிலோ வெட்டப்பட்டவர் கேட்க வேண்டிய கேள்விதான். கழிக்கத்தான் வேண்டும் என்றேன். மீன்முள், கறிவேப்பிலை, மிளகாய் இவை சாப்பிடும் பொருளல்ல. இவற்றை மிச்சத்தில் மட்டும் எடுத்துவிட்டு, வைத்த கணக்கில் விட்டுவிட்டால் சாப்பிட்டது கூடிக் காட்டும். இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும்.

அன்று மதியம் தட்டில் விழுந்தது சோறு 240 கிராம், பருப்பு 80, போஞ்சி 60, முள் நீக்கினால் மீன் 50. மொத்தம் 430. சாப்பிட்டு முடிந்தபோது தட்டில் இருந்தது பிசைந்த சோறு 55, போஞ்சி 40. வெறும் கண்ணால் பார்த்தால் முக்கால் தட்டுக்கு மேல் போயிருக்கிறது. மிஸ்ஸும் 75 என்றே எழுதினார், தப்பே இல்லை. ஆனால் தலையணைக்கு அடியில் ஒரு பேப்பர் பொட்டலம். அதில் அந்த மீன் துண்டு, முழுசாக. பேரனுக்காம்.

இதைக் கலோரியாக மாற்றினேன். சோறு 100 கிராமுக்கு 130 கலோரி, பருப்புக்கு ஏறக்குறைய 100 என்று டொக்டர் சொல்லியிருந்தார். தட்டு முழுதும் போயிருந்தால் 500 கலோரிக்குப் பக்கம், 23 கிராம் புரதம். உள்ளே போனது 340 கலோரி. இதுவரை 75 வீதத்துக்குப் பெரிய தூரமில்லை. புரதம் மட்டும் 10 கிராம்தான், பாதிகூட இல்லை. அந்தத் தட்டின் புரதத்தில் பாதி மீனில் இருந்தது, மீன் தலையணைக்கு அடியில் இருந்தது. தட்டுக்கு ஒரே ஒரு எண் போட்டால் இது தெரியவே தெரியாது.

இரவு இன்னும் மோசம். சார்ட்டில் 100. தட்டும் வழித்துத் துடைத்த மாதிரி சுத்தம். ஆனால் அம்மா "கொஞ்சம் போதும்யா" என்று கையைக் காட்டியிருந்ததால் விழுந்ததே 110 கிராம் சோறும் 40 கிராம் பருப்பும்தான். மொத்தம் 183 கலோரி. கலோரியில் பார்த்தால் மதியத்து 75இல் ஏறக்குறைய பாதிதான் இரவின் 100! எதில் 100 என்று அந்தக் கட்டத்தில் எழுத இடமே இல்லை. பரிமாறும்போது பார்க்காத வீதத்துக்கு அர்த்தமில்லை என்று நான் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

தவறவிட்ட அன்றைய காலைக்கு அம்மாவிடம் விசாரித்தேன். தேத்தண்ணியில் நனைத்து ஒரு துண்டுப் பாண், கொஞ்சம் பருப்பு. நூற்றுப்பத்துக் கலோரி என்று வைத்து, பக்கத்தில் "கேட்டு எழுதியது" என்று குறித்தேன். இரண்டு கோப்பைப் பால் தேத்தண்ணியையும் சேர்த்தால் நாள் முழுவதற்கும் 800க்குக் கிட்ட, புரதம் 24 கிராம். சார்ட்டின் சராசரி 75. வார்டின் முழுச் சாப்பாட்டை 1,600 என்று வைத்து டொக்டர் அதிலிருந்து 1,200 என்று எடுத்திருந்தார். வயதானவருக்குக் கிலோவுக்கு 30 கலோரியும் ஒரு கிராம் புரதமும் என்று பார்த்தால் அம்மாவுக்குத் தேவை 1,140ம் 38 கிராமும். சார்ட்டின்படி தேவைக்கு மேலே, தராசின்படி மூன்றில் இரண்டு பங்குதான்.

இரண்டாம் நாள் மதியம் ஸ்கேனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திரும்பி வந்தபோது தட்டு இல்லை, சார்ட்டில் மட்டும் 75 இருந்தது. என் தாளில் "பார்க்கவில்லை" என்று எழுதினேன். பார்க்காததை 0 என்றும் எழுதக்கூடாது, வழக்கம்போல் 75 என்றும் நிரப்பக்கூடாது. இரண்டுமே சராசரியைக் கெடுக்கும்.

மூன்றாம் நாள் ஞாயிறு. தம்பி தோசையும் வாழைப்பழமும் கொண்டுவந்தான். அம்மா நன்றாகச் சாப்பிட்டார், இரவு வார்ட் சோற்றைத் தொடவில்லை. சார்ட் 0. இந்தத் தடவை சார்ட் குறைத்துக் காட்டியது. வெளியிலிருந்து வருவதையும் எழுதாவிட்டால் என் கணக்கும் பொய்தான்.

மூன்று தாளையும் டொக்டர் நின்றபடியே படித்தார். என் பயமெல்லாம் மிஸ் கோபித்துக்கொள்வாரோ என்பதுதான். கோபிக்கவில்லை. காலை, மாலை பால்மா கலந்த கஞ்சி, மதியம் மீனுக்குப் பதில் மசித்த முட்டை என்று எழுதினார்கள். முட்டையைப் பொட்டலம் கட்ட முடியாதே என்று நான் கேட்டுக்கொண்டதுதான் அது. செவ்வாய்க்கிழமை சார்ட்டில் மதியத்துக்கு நேரே "75" என்று வழக்கம்போல் இருந்தது. அதற்குப் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, சின்ன எழுத்தில் "அரைத் தட்டு, முட்டை முழுசு" என்று சிங்களத்தில் எழுதியிருந்ததாகப் பக்கத்துக் கட்டில் அக்கா வாசித்துச் சொன்னார்.