இரண்டு தலை முளைத்த எந்திரம்

காட்பாடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்கீட்டுக் கோட்பாடு நடத்துகிறேன். விடையை விரைவில் சரிபார்க்கக்கூடிய எந்தக் கணக்கையும் ‘இந்தத் தர்க்கச் சூத்திரத்தை உண்மையாக்க முடியுமா’ என்ற கேள்வியாக மாற்றலாம் என்று ஸ்டீபன் குக் 1971-இல் வெளியிட்ட தேற்றத்தை எடுக்கும்போதெல்லாம் வகுப்பு சோர்ந்துவிடும். வேலூர் வெயில் பாதிக் காரணம். மீதி, பாடக்குறிப்புகளின் அவசரம். ‘டூரிங் எந்திரத்தின் ஓட்டத்தைத் தர்க்கச் சூத்திரமாக எழுதலாம்’ என்று ஒரே வரியில் தாண்டினால் மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள், நம்பமாட்டார்கள்.

டூரிங் எந்திரம் என்பது நாடாவில் ஒரு தலையைக் கட்டம் கட்டமாக நகர்த்தி, எழுத்தைப் படித்து எழுதும் கற்பனை எந்திரம். ஒவ்வொரு கணமும் அது ஏதோ ஒரு நிலையில் இருக்கும், அடுத்து என்ன செய்வது என்பதில் அதற்குப் பல தேர்வுகளும் இருக்கலாம். ஆகவே கரும்பலகையில் கட்டம் போடுவேன். ஒரு வரிசை, ஒரு கணத்தில் நாடா இருக்கும் கோலம். தலை நிற்கும் கட்டத்தில் மட்டும் எழுத்தோடு எந்திரத்தின் நிலையும் சேரும். பத்தெழுத்து உள்ளீடு, அந்த நீளத்தின் வர்க்க அளவு படிகளுக்குள் ஓட்டம் முடியும் என்றால் 100 வரிசை, 100 பத்தி போதும். நாடா எழுத்து 3, நிலை 5 எனில் ஒரு கட்டத்தில் வரக்கூடியவை 3 + 15 = 18. ‘இந்தக் கட்டத்தில் இந்தக் குறி’ என்பதற்கு ஒரு மாறி வீதம் 1,80,000 மாறிகள்.

கட்டத்துக்கு ஒரே குறி, முதல் வரிசையில் உள்ளீடு, எங்காவது எந்திரம் ‘ஆம்’ என்று சொல்லும் ஏற்பு நிலை: இந்த நிபந்தனைகளில் சிக்கல் இல்லை. ஒவ்வொரு வரிசையும் மேல்வரிசையிலிருந்து முறையாகப் பிறந்ததா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு இரண்டு வரிசை, மூன்று பத்தி கொண்ட சிறு சன்னலை எங்கும் நகர்த்திச் சரிபார்க்கிறோம்.

“இரண்டு பத்தி போதாதா சார்?” என்றாள் ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி. பல பேராசிரியர்களே கேட்காமல் விட்ட கேள்வி அது. பலகையில் போட்டுப் பார்த்தோம். நிலை q-வில் 1-ஐப் படித்தால், 1-ஐயே எழுதி இடப்பக்கம் நகர்ந்து r ஆகலாம். அல்லது வலப்பக்கம் நகர்ந்து s ஆகலாம்.

```
0      (q,1)   0
(r,0)   1     (s,0)
```

இடப்பக்க இரண்டு பத்தியை மட்டும் பார்த்தால், தலை இடப்பக்கம் போயிருக்கிறது, குற்றமில்லை. வலப்பக்க இரண்டில் தலை வலப்பக்கம் போயிருக்கிறது, அதிலும் குற்றமில்லை. ஆனால் எந்திரத்துக்கு இரண்டு தலை முளைத்துவிட்டது! ஒரு தலை எழுதியதை மற்றது படித்து, எந்திரம் ஒருபோதும் ஏற்காத உள்ளீட்டுக்கும் சூத்திரம் உண்மையாகிவிடலாம். இதற்கு நேர்மாறாகத் தலை காணாமலும் போகலாம். அதனால் கெடுதல் இல்லை, தலையில்லாமல் ஏற்பு நிலை வராது.

மூன்று பத்தி இருந்தால் நடுவில் தலையும் இருபுறமும் ஒரே பார்வையில் விழும். மேலே போட்ட ஆறு கட்டமும் முறையற்றவை என்று பிடிபடும். முறையற்ற ஒவ்வொரு சேர்க்கைக்கும் ‘இந்த ஆறும் ஒன்றாக வரக்கூடாது’ என்று ஒரு நிபந்தனை எழுதுகிறோம். எந்திரத்துக்கு இருக்கும் தேர்வுகள் எல்லாம் முறையான சேர்க்கைகளின் பட்டியலுக்குள் அடங்கிவிடுகின்றன. கிளை கிளையாக விரியும் ஓட்டங்களை நாம் எழுதவே வேண்டாம்.

ஒரு சன்னலுக்கு மொத்தச் சேர்க்கைகள் 18-இன் ஆறாம் அடுக்கு, ஏறக்குறைய 3.4 கோடி. அதைக் கேட்டதும் வகுப்பில் சிரிப்பு. சிரிக்கட்டும். உள்ளீட்டைப் பத்தெழுத்திலிருந்து இருபதாக்கினால் கட்டங்கள் 16 மடங்காகும், அந்த 3.4 கோடி மட்டும் எந்திரத்தைச் சார்ந்தது என்பதால் அப்படியே நிற்கும்.