அந்த லெட்டர்ல ஒரு வரி

கீழ் வீட்டுக்காரர் எழுதி கதவு இடுக்குல சொருகிட்டு போன சீட்டை நைட் ஷிப்ட் சூப்பர்வைசர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டிருந்தார், "சார் மெஷின் சத்தமாம், பதில் எழுதிக் குடுங்க"ன்னு கீழ ஒரு வரி. பேக்கிங் யூனிட்ல லெட்டர் எழுதுற வேலை எப்பவும் என் தலையிலதான் விடியும், அதனால அவர் சொன்னதை நம்பி எழுத ஆரம்பிச்சிருப்பேன், ஆனா போட்டோ சாய்வா இருந்துச்சு, கடைசி வரி பாதி பேப்பர் மடிப்புக்குள்ள போயிருந்துச்சு. மடிப்பை பிரிச்சு இன்னொரு தடவை எடுத்து அனுப்ப சொன்னேன். பெருசு பண்ணி படிச்சா அதுல மெஷின்ங்கற வார்த்தையே இல்ல. "பத்து மணிக்கு மேல் எதையோ இழுக்கும் சத்தம், அப்புறம் டக் டக் என்று உருளும் சத்தம். அப்பா திடுக்கிட்டு எழுந்துகொள்கிறார்." அவ்வளவுதான்.

இழுக்கறது இரும்பு ஸ்டூல், உருளறது டிராலி. மேல நிக்கிற நமக்கு இது ரெண்டும் சத்தமாவே தெரியாது, மெஷின் ஓடறப்போ அதுதான் காதுல விழும். ஆனா எங்க மெஷின் சத்தம் பெரும்பாலும் காத்து வழியா வர்றது, கீழ போறதுக்குள்ள காங்க்ரீட் முக்கால்வாசியை தடுத்துடும். ஸ்டூல் கால் தரையை உரசுறப்போ தளமே அதிருது, கீழ் வீட்டு சீலிங்தான் அங்க ஸ்பீக்கர். டிராலி பிளாஸ்டிக் சக்கரம் ஒவ்வொரு டைல்ஸ் இணைப்புலயும் இடிச்சுக்கிட்டே போகும், அதுதான் அந்த டக் டக். ஜன்னலை மூடறோம்னு எழுதியிருந்தா மன்னிப்பும் கேட்டு சத்தமும் குறையாம இருந்திருக்கும்.

நான் எழுதினது இதுதான்:

"வணக்கம். உங்கள் சீட்டைப் படித்தோம். இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் ஸ்டூலும் டிராலியும் போட்ட சத்தத்தால் உங்கள் வீட்டில் தூக்கம் கெட்டதற்கு மன்னிக்கவும். இந்த வாரத்துக்குள் ஸ்டூல் கால்களில் ரப்பர் புஷ் போடுகிறோம். இன்று முதல் பத்து மணிக்கு மேல் டிராலி ஓட்ட மாட்டோம். மறுபடி சத்தம் கேட்டால் எந்த நேரமானாலும் கீழே உள்ள நம்பருக்குக் கூப்பிடுங்கள்."

முதலாளி படிச்சுட்டு "'ஏதேனும் இடையூறு ஏற்பட்டிருந்தால்'னு போடுப்பா, இப்படி நேரடியா ஒத்துக்கிட்டா நாளைக்கு இதையே காட்டுவாங்க"ன்னார். நான் சொன்னேன், "அண்ணே, அவர் இழுக்கற சத்தம், உருளற சத்தம்னு பிரிச்சு எழுதியிருக்கார், அவர்கிட்ட போய் இருந்தால்னு சொன்னா நம்பலன்னு சொல்ற மாதிரி ஆயிடும்." அவர் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "சரி, உன் இஷ்டம்"ன்னார். அவர் பயந்ததும் சும்மா இல்ல, எழுத்துல போனது திரும்பி வராது. ஆனா நான் சத்தத்துக்குத்தான் மன்னிப்பு கேட்டேன், சட்டத்தை மீறினோம்னு எங்கயும் எழுதல. அவரோட அப்பாவைப் பத்தியும் வேணும்னேதான் விட்டேன், முன்ன பின்ன பேசாதவங்க வீட்டு உடம்பு விஷயத்தை நாம எடுத்தா உருக்கமா நடிக்கற மாதிரி இருக்கும்னு தோணுச்சு. இப்ப யோசிச்சா, ஒரு வரி விசாரிச்சிருக்கலாமோன்னும் இருக்கு.

எனக்கு உறுத்தறது இதெல்லாம் இல்ல. "டிராலி ஓட்ட மாட்டோம்"ங்கற அந்த வரி. அதை எழுதறப்போ நைட் ஷிப்ட்ல யாரையும் நான் கேட்கல. டிராலி இல்லன்னா பெட்டியை கையில தூக்கணும். மறுநாள் பேக்கிங்ல இருக்கற பையன் ஒருத்தன் "அண்ணே, லெட்டர்ல நீங்க கையெழுத்து போட்டீங்க, இடுப்பு எங்களோடது"ன்னான், சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். ரப்பர் சக்கரம் மாத்தலாம்னு உடனே கேட்டேன், முதலாளியும் சரின்னார், ஆனா சாமான் வர்ற வரைக்கும் தூக்கினது அவங்கதானே. "சக்கரம் மாத்தற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க"ன்னு எழுதியிருக்கலாம்தான், தூக்கம் கெட்டவர்கிட்ட இன்னும் கொஞ்ச நாள் கெடட்டும்னு எப்படி எழுதறது? தேதி இல்லாத மன்னிப்பு லெட்டருக்கு மதிப்பில்லன்னு நான் இப்பவும் நம்பறேன். அந்த தேதிக்கு யாரோட உடம்பு பொறுப்புன்னு கேட்டுட்டு எழுதணும்னும் தோணுது, கேட்டிருந்தா அன்னிக்கு ராத்திரி லெட்டர் போயிருக்காது.

ஸ்டூலுக்கு புஷ் போட்டோம், உள்ள ஒரு வாஷர் வச்சுத்தான், இல்லன்னா பைப் விளிம்பு ரப்பரை சீக்கிரம் அறுத்துட்டு வெளிய வந்துடும். கீழ் வீட்டுக்காரர்கிட்ட இருந்து பதில் வரல, போனும் வரல. சூப்பர்வைசர் "பாத்தீங்களா சார், லெட்டர் வேலை செஞ்சிடுச்சு"ன்னார். வேலை செஞ்சது லெட்டரா, பெட்டி தூக்கினவங்களான்னு அவர்கிட்ட நான் கேட்டுக்கல.