90 நாள் என்றார்கள், எண்ணிப் பார்த்தால் 122

திருமுடிவாக்கம் சிட்கோவில் தம்பியும் நானும் ஒரு சின்ன பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட் நடத்துகிறோம். மளிகைச் சாமான் போட்டு வைக்கும் டப்பாக்கள்தான் எங்கள் சரக்கு. பாரிமுனை மொத்தக் கடைக்காரர்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தவரை பணம் 15 நாளில், மிஞ்சிப்போனால் ஒரு மாதத்தில் வந்துவிடும். 2024 ஏப்ரலில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் ஆர்டர் கிடைத்தது. மாதம் 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 11.80 லட்சம். பணம் 90 நாள் கழித்து. கையெழுத்துப் போட்டோம்.

அந்த 90 நாளை நான் மூன்று மாதம் என்றே நினைத்திருந்தேன். ஜூலை கடைசியில் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். மூலப்பொருளான பிளாஸ்டிக் குருணைக்குப் பணம் கட்டிய நாளிலிருந்து டப்பா வார்த்து, மூடி பொருத்தி, பெட்டியில் அடுக்கி லாரி ஏற 20 நாள். ஒரகடம் பக்கத்தில் இருக்கும் அவர்கள் கிடங்கில் சரக்கை இறக்கி, சரிபார்த்து, வரவுச் சீட்டு போட 4 நாள். ஜிஆர்என் என்று சொல்வார்களே, அந்தச் சீட்டுத் தேதியிலிருந்துதான் 90 நாள் ஓடத் தொடங்கும், எங்கள் பில் தேதியிலிருந்து இல்லை. 90 நாள் முடிந்த அன்றே பணம் வருவதும் இல்லை. மாதத்தில் 10, 25 ஆகிய இரண்டு தேதிகளில்தான் அவர்கள் பட்டுவாடா செய்கிறார்கள். அதற்குக் காத்திருப்பது சராசரியாக இன்னொரு 8 நாள். மொத்தம் 122 நாள், அதாவது நான்கு மாதம்.

நான்கு மாதத்துக்கு எவ்வளவு பணம் உள்ளே கிடக்கிறது என்று அடுத்துப் பார்த்தோம். மாதா மாதம் மூலப்பொருளுக்கு வரியோடு 7.08 லட்சம், கூலி, கரண்ட், வாடகை, வண்டிக்கு 2.50 லட்சம். இது போக ஜிஎஸ்டி. சரக்கு விற்ற மாதத்துக்கான வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், காசு கைக்கு வந்ததா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்தாலும் மாதம் 72,000 ரூபாய். ஆக, மாதம் 10.30 லட்சம் வெளியே போகிறது. முதல் பணம் வருவதற்குள் 41 லட்சம் போட்டிருக்க வேண்டும். கிடைக்கும் லாபம் மாதத்துக்கு 1.50 லட்சம். இந்தக் கணக்கை ஏப்ரலிலேயே போட்டிருந்தால் விலையை வேறு மாதிரி பேசியிருப்பேன்.

முதலில் போனது எங்கள் வங்கிக்கு. சரக்கையும் வர வேண்டிய பணத்தையும் ஈடாக வைத்து, வேண்டியபோது எடுத்துக் கட்டும் கேஷ் கிரெடிட் கடன் 25 லட்சத்துக்கு இருந்தது, அதை உயர்த்தக் கேட்டேன். மேனேஜர் நல்ல மனிதர், பொறுமையாகவே விளக்கினார். "மேடம், நீங்க உங்களுக்கு வர வேண்டிய கடன் பாக்கி லிஸ்ட்ல நாலு மாச பில் காட்டியிருக்கீங்க. 90 நாளுக்கு மேல ஆன பில்லை நாங்க கணக்குல எடுக்க முடியாது." வங்கி 90 நாளை எண்ணுவது பில் தேதியிலிருந்து. வாங்குபவர் எண்ணுவது ஜிஆர்என் தேதியிலிருந்து. அதனால் ஒவ்வொரு பில்லும் பணமாக மாறுவதற்குச் சில நாள் முன்னால் சரியாக வங்கிக் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. கடன் பாக்கியில் 40 சதவீதம் மார்ஜின் பிடித்துக்கொண்டு மீதிக்குத்தான் டிராயிங் பவர், அதாவது பணம் எடுக்கும் வரம்பு, தருவார்கள். ஒரு மாத பில் விழுந்தால் 7.08 லட்சம் குறையும். வங்கியிலேயே சமாளித்துவிடலாம் என்று நான் போட்டிருந்த கணக்கு அங்கே உடைந்தது.

அப்புறம் செய்தது தவறான காரியம். ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் பில்லைக் காட்டிப் பணம் வாங்கினோம். பில் தொகையில் 80 சதவீதம், ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. சவுகார்பேட்டையில் கேட்ட இரண்டு வட்டியைவிடக் குறைவு என்று திருப்தியாக இருந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரியை நான் போதிய கவனத்தோடு படிக்கவில்லை. வாங்குபவர் குறித்த நாளில் தராவிட்டால் எங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்று இருந்தது. சூப்பர் மார்க்கெட்டிலிருந்து பணம் 13 நாள் தாமதமாக வந்தது. நிதி நிறுவனமோ தன் தேதியில் எடுத்துக்கொண்டது. அது சம்பளத்துக்கு முந்தைய நாள். மெஷினில் நிற்கும் பதினொரு பேருக்கு அந்த மாதம் சம்பளம் ஐந்து நாள் தள்ளிப் போனது. என் வளையல் அடகுக்குப் போனது. இன்றைக்கும் அந்த வாரத்தை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் ஆடிட்டர் இதைக் கேட்டுக் கோபப்பட்டார். உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. "உத்யம் பதிவு வெச்சிருக்கீங்களேம்மா, அதை ஒரு தடவையாவது பில்லுல போட்டீங்களா?" என்றார். குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006, பிரிவு 15 சொல்வது இது: எங்களைப் போன்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு, எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குமேல் தவணை இருக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதா மாதம் கூட்டு வட்டி. புகார் கொடுக்க அப்போது அரசின் சமாதான் இணையதளம் இருந்தது. புகார் கொடுத்த மறுநாள் ஆர்டர் நின்றுவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் அவர் வேறு வழி சொன்னார். அப்போதிருந்த 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் புதிதாக (எச்) என்ற உட்பிரிவைச் சேர்த்திருந்தார்கள். அந்தக் கெடுவுக்குள் சிறு தொழிலுக்குப் பணம் தராமல் ஆண்டுக் கடைசியில் பாக்கி வைத்தால், அந்தச் செலவை வாங்குபவர் அந்த ஆண்டு வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. இதைக் கொள்முதல் பிரிவிடம் பேசிப் பயனில்லை, கணக்குப் பிரிவுக்கு எழுதுங்கள் என்றார்.

உத்யம் சான்றிதழை இணைத்து ஒரு பக்கத்தில் மரியாதையாகவே எழுதினோம். பத்து நாளில் அவர்கள் கணக்குப் பிரிவிலிருந்து போன். 90 நாளை ஒரு சப்ளையருக்காக மாற்ற முடியாது, ஆனால் டிரெட்ஸ் என்ற இணையச் சந்தையில் உங்கள் பில்லை ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள். 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் டிரெட்ஸில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018லேயே அரசு ஆணையிட்டிருந்தது, அப்போதைய வரம்பு அது. பதிவுதான் கட்டாயம், அதில் பில்லை ஏற்பது அவர்கள் விருப்பம். இவர்களும் பதிவு செய்துவிட்டுச் சும்மா வைத்திருந்தார்கள். நாம் கேட்கும்வரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

டிரெட்ஸ் என்பது ரிசர்வ் வங்கி அனுமதித்த பில் தள்ளுபடிச் சந்தை. ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் என்று தளங்கள் இருக்கின்றன. வாங்குபவர் எதில் இருக்கிறாரோ அதில்தான் நாமும் சேர வேண்டும். நாம் பில்லை ஏற்றுவோம், வாங்குபவர் ஏற்பார், வங்கிகள் வட்டி விகிதம் சொல்லி ஏலம் கேட்கும், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். பணம் ஓரிரு வேலை நாளில் வந்துவிடும். முக்கியமான விஷயம், கெடு நாளில் வங்கி வசூலிப்பது வாங்குபவரிடம். அவர் தராவிட்டால் நம்மிடம் திரும்பி வராது. ஏலத்தில் பார்க்கப்படுவது அவர்களுடைய நாணயம் என்பதால்தான் வட்டியும் குறைவு.

சேர்வதற்கு ஒரு மாதம் ஆனது. காகிதம் அதிகம் இல்லை, தாமதமானது வங்கியின் தடையில்லாச் சான்றிதழால். எங்கள் கடன் பாக்கி எல்லாம் ஏற்கெனவே கேஷ் கிரெடிட்டுக்கு ஈடாக இருக்கிறது. அதையே இன்னொரு வங்கிக்கு விற்க முதல் வங்கி சம்மதிக்க வேண்டும். டிரெட்ஸ் பணம் கேஷ் கிரெடிட் கணக்கிலேயே வந்து விழும் என்றும், விற்ற பில்லை மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் காட்ட மாட்டோம் என்றும் எழுதிக் கொடுத்தபிறகு சம்மதித்தார்கள். அந்தப் பில்லை மறந்துபோய்க் காட்டினால் ஒரே பில்லுக்கு இரண்டு கடன் ஆகிவிடும். தம்பி ஒவ்வொரு மாதமும் சிவப்பு மையில் அடித்துவிட்டுத்தான் அனுப்புகிறான்.

முதல் பில் அக்டோபரில் ஏறியது, 5.90 லட்சம். ஏற்பு வரவில்லை. இரண்டு, மூன்று, ஐந்து நாள் ஆகியும் தளத்தில் அப்படியே நின்றது. நானே ஒரகடம் கிடங்குக்குப் போனேன். இறக்கும் இடத்தில் ஸ்கேனர் வைத்திருந்த பையன், "அக்கா, இந்தப் பாருங்க" என்று ஒரு பெட்டியைத் திறந்து காட்டினான். ஒரு லிட்டர் டப்பாவின் மூடியை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்றியிருந்தோம், அவர்கள் கேட்டதுதான். ஆனால் எங்கள் ஸ்டிக்கரில் பழைய பார்கோடு. ஸ்கேன் செய்தால் திரையில் நீல மூடி வருகிறது, கையில் பச்சை மூடி. அந்த ஒரு வரி நின்றதால் மொத்தப் பில்லுக்கும் ஜிஆர்என் போடவில்லை. மற்ற ஏழு வகைச் சரக்கும் எந்தக் குறையும் இல்லாமல் அலமாரிக்குப் போய்விட்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து புது ஸ்டிக்கர் அடித்து ஒட்டினோம். அன்றிலிருந்து ஒரு ஆர்டருக்கு ஒரு பில் என்று சின்னச் சின்னதாகப் பிரித்துவிட்டோம். ஒன்று மாட்டினாலும் மற்றவை போய்விடும். குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இறக்கிய நாளே ஏற்ற நாள் என்று அதே 2006 சட்டம் சொல்கிறது. பத்தாம் நாள் ஜிஆர்என் வராவிட்டால் அதைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போட்டுவிடுகிறேன்.

அடிபட்ட பெட்டிகளுக்காக 10,000 கழித்து 5.80 லட்சத்துக்கு ஏற்றார்கள். கெடுவுக்கு 80 நாள் மீதி. மூன்று வங்கிகள் கேட்டன, 9.6 சதவீதத்தில் முடிந்தது. வட்டி 12,204 போக 5,67,796 ரூபாய் கணக்கில் வந்தது, தளத்தின் கட்டணம் தனி. இதே தொகையை இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் 30,500 போயிருக்கும். இருந்தாலும் பில்லில் 2 சதவீதத்துக்கு மேல் என்பது எங்கள் லாபத்தில் ஏழில் ஒரு பங்குக்கும் அதிகம். அடுத்த விலை ஒப்பந்தத்தில் 45 நாளுக்குப் பிறகான வட்டியை அவர்களே ஏற்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டு சந்திப்பில் முடியாது என்றார்கள். மூன்றாவதில் ஏலத்தில் வந்த வட்டிச் சீட்டுகளை வரிசையாக மேசையில் வைத்தேன், ஒப்புக்கொண்டார்கள்.

இதிலும் ஓட்டை உண்டு. ஒவ்வொரு வாங்குபவருக்கும் வங்கிகள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. பொங்கலுக்கு முன்னால் எல்லா சப்ளையரும் ஒரே நேரத்தில் பில் ஏற்றியபோது அந்த வரம்பு நிரம்பி, எங்கள் பில்லுக்கு மூன்று நாள் யாரும் ஏலமே கேட்கவில்லை. நல்லவேளையாக கேஷ் கிரெடிட்டில் ஒரு மாதக் குருணைக்கான 7 லட்சத்தைத் தொடாமல் வைத்திருந்தோம். அந்த மாதம் 20 லட்சத்துக்கு ஆர்டர் வந்தது. தம்பி முழுவதையும் எடுக்கலாம் என்றான். நோட்டைத் திறந்து 122 நாள் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, 14 லட்சத்துக்கு மட்டும் சரி சொல்லி மெயில் அனுப்பினோம்.